முதல் பில்லுக்குப் பிறகு வரும் கணக்கு

1994 பங்குனியில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மூன்று நாள் தங்கி டீலர் பிடித்தேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம், டீலர் பிடிப்பது என்று. அதற்கு முந்தின வாரம் தினசரிப் பேப்பரில் நான்கு வரி விளம்பரம் வந்திருந்தது: தரமான மசாலாப் பொடிகளுக்கு ஊர்தோறும் டீலர்கள் தேவை, நல்ல லாபம், நேரில் வரவும். முதலீடு எவ்வளவு என்று அந்த நான்கு வரியில் கிடையாது. நேரில் வந்தவர்களிடமும் நான் முதலில் அதைச் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, சாம்பார் பொடி பாக்கெட்டைப் பிரித்து மணக்கக் காட்டி, குடும்பம் எப்படி, கடை எத்தனை வருஷம் என்று விசாரித்து, கடைசியில்தான் பணத்துக்கு வருவேன். டெபாசிட் 25,000 டி.டி., முதல் லோடு 35,000. அவ்வளவுதான் என்பேன். அது எனக்கு மேலே இருந்தவர்கள் சொல்லிக் கொடுத்த வரிசை.

அந்த மூன்று நாளில் வந்தவர்களில் ஒரு மளிகைக் கடை அண்ணாச்சி உடனே ஒப்புக்கொண்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி. "விக்கலைன்னா என்ன செய்ய, தம்பி?" நானும் யோசிக்காமல், "நாங்க எடுத்துக்கிடுவோம் அண்ணாச்சி" என்றேன். எடுத்துக்கொள்வது என்றால் பணமாகவா, மாற்றுச் சரக்காகவா, லாரி வாடகை யாருடையது, எத்தனை நாளுக்குள் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. நான் வேலை பார்த்த கம்பெனியில் அதற்கு எழுத்தில் ஒரு வரி கூட இல்லை.

பங்குனி என்பதை வேண்டுமென்றே சொன்னேன். விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி எல்லாம் மிளகாய் விளையும் கரிசல் பூமி. மாசி, பங்குனியில் புது வத்தல் சந்தைக்கு வரும். வீட்டுக்கு வீடு வருஷத்துக்கான வத்தலும் மல்லியும் வாங்கி, மொட்டை மாடியில் காயப்போட்டு, சித்திரைக்குள் மில்லில் கொடுத்து அரைத்து டின்னில் அடைத்துவிடுவார்கள். அந்த ஊருக்கு, அந்த மாசத்தில், குழம்பு மிளகாய்த்தூளைப் பெரும்பங்காக ஏற்றி முதல் லோடு அனுப்பினோம். சரம் சரமாகக் கடை வாசலில் தொங்கியது. வெயில் பட்டு நிறம் வெளுத்தது. ஆடிக்குள் பெட்டிக்குள் இருந்ததில் வண்டு விழுந்துவிட்டது. அண்ணாச்சி கடிதம் போட்டார், விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது என்று ஹெட் ஆபீஸிலிருந்து டைப் அடித்த பதில் போனது. அடுத்த முறை நான் கடைக்குப் போனபோது அவர் சத்தம் போடவில்லை. "நீங்கதானே தம்பி சொன்னீங்க" என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

போன வருஷம் பெருந்துறைப் பக்கம் மசாலாப் பொடி போடும் ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். மாமியாருடைய பக்குவத்தில் தொடங்கி, இப்போது எட்டுப் பேர் வேலை செய்யும் சின்ன யூனிட். ஈரோட்டைச் சுற்றி முந்நூறு கடைகளில் சரக்கு இருக்கிறது. தாராபுரம், காங்கேயம், ஒட்டன்சத்திரம் பக்கம் டீலர் போட வேண்டும். "வீடியோ ஒண்ணு எடுத்து வாட்ஸ்அப்ல விடலாம்னு இருக்கேனுங்ணா, ஸ்கிரிப்டை மட்டும் நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார். கையில் ஒரு இளைஞர் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்ட் இருந்தது. தோட்டத்தின் மேல் பறக்கும் கேமரா, பின்னணி இசை, மஞ்சள் கொட்டும் காட்சி, பிறகு குரல்: குறைந்த முதலீடு, நிறைந்த லாபம், மாதம் அரை லட்சம் வரை வருமானம், முழு சப்போர்ட். படித்து முடித்தபோது நான் கோவில்பட்டி லாட்ஜ் அறையில் இருந்தேன். நான்கு வரி விளம்பரம் மூன்று நிமிட வீடியோ ஆகியிருந்தது. அதில் இல்லாத விஷயம் மட்டும் அப்படியே இருந்தது.

அன்றைக்கு ஒரு டீலருக்கு அடுத்த ஊர் டீலர் யார் என்றே தெரியாது. ஏரியா பிரித்து வைத்திருப்போம், ஒருவரை ஒருவர் பார்க்க வாய்ப்பு வராது. எஸ்.டி.டி. பூத்தில் காசு கொடுத்து ஹெட் ஆபீஸைக் கூப்பிட்டுச் சண்டை போட எத்தனை பேருக்கு நேரம் இருக்கும்? இன்று வீடியோ பார்த்த அன்று மாலையே, அதே சரக்கை எடுத்து விட்டுவிட்ட இன்னொருவரின் அனுபவம் ஏஜென்சிக்காரர்கள் குரூப்பில் வந்துவிடுகிறது. ஆகவே மறைத்துச் சொன்னால் நிற்காது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ஆனால் அதைவிட முக்கியமான காரணம் வேறு. சின்ன கம்பெனிக்கு, நடுவில் காசு தீர்ந்து நின்றுபோகும் டீலரைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. அவர் விட்டுப்போன கடைகளில் பழைய சரக்கு தேங்கிக் கிடக்கும், அந்த ஏரியாவுக்கு அடுத்த டீலர் வருவதற்கு ஒரு வருஷம் ஆகும்.

டீலர் ஏன் நடுவில் நிற்கிறார்? சரக்கு ஓடாமல் நிற்பவர்கள் ஒரு பங்கு. ஓடத் தொடங்கிய பிறகு நிற்பவர்கள்தான் நான் அதிகம் பார்த்தது. இதைத்தான் வீடியோவின் நடுவில் வைக்கச் சொன்னேன். கரும்பலகை ஒன்றை கோடவுன் சுவரில் மாட்டி, அந்தப் பெண்ணே சாக்பீஸால் எழுதிக் காட்ட வேண்டும் என்றேன். அந்தக் கணக்கை இருவரும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து போட்டோம்.

முதலில் மார்ஜின். அவருடைய விலைப் பட்டியலில் எம்.ஆர்.பி. 100 ரூபாய் என்றால் கடைக்காரருக்கு 85 ரூபாய், டீலருக்கு 77 ரூபாய். டீலருக்கு நிற்பது எட்டு ரூபாய். இந்த எட்டு ரூபாயை எம்.ஆர்.பி.யின் மேல் பார்த்தால் எட்டு சதவீதம், விற்கும் விலையின் மேல் பார்த்தால் ஒன்பதரைக்குக் கொஞ்சம் குறைவு, வாங்கும் விலையின் மேல் பார்த்தால் பத்துக்கு மேல். மூன்றுமே பொய்யில்லை. ஆனால் டீலர் தேடும்போது எல்லாரும் பெரிய எண்ணைத்தான் சொல்வார்கள், டீலரும் அந்தப் பத்தை விற்பனைத் தொகையோடு பெருக்கிப் பார்த்து மனக்கோட்டை கட்டிவிடுவார். அதோடு இந்த விலைகளில் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. உள்ளே இருக்கிறது. எட்டு ரூபாயிலும் 38 பைசா வரியாகப் போகும், கையில் 7.62. ஆகவே சதவீதமே பேச வேண்டாம், நூறு ரூபாய்ச் சரக்குக்கு ஏழு ரூபாய் அறுபத்திரண்டு காசு என்று சொல்லிவிடுங்கள் என்றேன். "இத்தனை கம்மியாச் சொன்னா யாருங்ணா வருவாங்க?" என்று அவர் தயங்கினார். வியாபாரம் தெரிந்தவர்கள் வருவார்கள் என்றேன். அவர்கள்தான் நமக்கு வேண்டும்.

அடுத்தது விற்பனை. ஒட்டன்சத்திரம் போன்ற ஊரை மையமாக வைத்து ஒருவர் வாரத்துக்கு ஆறு லைன் போகிறார், லைனுக்கு நாற்பது கடை. நாற்பது கடையிலும் பில் விழாது. நன்றாகப் பழகிய லைனில் பதினைந்து கடையில் விழுந்தால் நல்லது, பில் சராசரி 400 ரூபாய். நாளைக்கு 6,000, மாசத்துக்கு 25 நாள் என்று வைத்தால் ஒன்றரை லட்சம். இது ஆறு மாசம், எட்டு மாசம் ஒழுங்காக லைன் போன பிறகு வரும் அளவு. தொடக்கத்தில் 60,000 வந்தாலே சந்தோஷப்படலாம்.

ஒன்றரை லட்சம் விற்கும் மாசத்தில் வரி போக நிற்கும் மார்ஜின் ஏறத்தாழ 13,400 ரூபாய். லைனுக்குப் போகும் பையனுக்குச் சம்பளம் 15,000 என்றால் அங்கேயே கணக்கு முடிந்துவிட்டது. இங்கேதான் அந்தப் பெண் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தன்னுடைய சரக்கை மட்டும் வைத்து ஒரு டீலர் பிழைக்க முடியாது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அது முப்பது வருஷமாகத் தெரியும், எந்த விளம்பரத்திலும் நான் சொன்னதில்லை. சின்ன கம்பெனியின் மசாலா, ஏற்கெனவே இரண்டு மூன்று கம்பெனிச் சரக்கு ஏற்றிக்கொண்டு லைன் போகிறவரின் வண்டியில் நான்காவதாக ஏறினால்தான் நிற்கும். அப்படிப்பட்டவருக்குப் பையன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு 5,000, டீசல் பங்கு 2,500, கோடவுன், ஏற்று இறக்குக் கூலி எல்லாம் சேர்த்து 1,500. மொத்தம் 9,000. மிச்சம் 4,400.

இந்த 4,400 ரூபாய்க்கு அவர் எவ்வளவு பணம் போட்டிருக்கிறார்? பழைய முறையில் நான் சொன்னால் டெபாசிட் 25,000, முதல் பில் 60,000, ஆக 85,000 என்பேன். வந்த ஆளும் சரியாக அந்தத் தொகையைக் கடன் வாங்கியோ நகை வைத்தோ கொண்டு வருவார். உண்மை வேறு. ஒன்றரை லட்சம் விற்க வேண்டுமானால் கோடவுனில் மூன்று வாரச் சரக்காவது இருக்க வேண்டும். சாம்பார் பொடி இருந்து ரசப்பொடி இல்லை என்றால் கடைக்காரர் இரண்டையும் வேறு கம்பெனியில் வாங்கிவிடுவார். அது ஒரு லட்சம். கடைக்காரர்கள் கையில் காசு கொடுப்பதில்லை, போன வாரப் பில்லுக்கு இந்த வாரம், சில பேர் அதற்கும் அடுத்த வாரம். பன்னிரண்டு நாள் விற்பனை மார்க்கெட்டில் நின்றால் 72,000. டெபாசிட்டோடு சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு லட்சம்.

85,000 எப்போது இரண்டு லட்சம் ஆகிறது? விற்பனை ஏற ஏற ஆகிறது. அதுதான் இதில் உள்ள சிக்கல். மூன்றாம் மாசம், நான்காம் மாசம் கடைக்காரர்கள் கேட்டு வாங்கத் தொடங்கியிருப்பார்கள், சரக்கு ஓடும், ஆனால் அடுத்த லோடுக்குக் கட்டப் பணம் இருக்காது. எல்லாம் மார்க்கெட்டில் நிற்கும். டீலர் வசூலுக்கு அலைவார், லோடு ஒரு வாரம் தள்ளும், கடையில் சரம் காலியாகும், பழகிய கடை போய்விடும். தனக்கு ராசியில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். கம்பெனிக்காரன் அவருக்கு வேகம் போதாது என்று நினைத்துக்கொள்வான். இரண்டும் இல்லை. முதல் நாள் சொல்லியிருக்க வேண்டிய ஒரு லட்சத்தைச் சொல்லாமல் விட்டதுதான் காரணம்.

இன்னொரு கணக்கும் பலகையில் எழுத வேண்டும் என்றேன். எங்கள் பக்கம் கைமாற்றுக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாச வட்டி சாதாரணம். இரண்டு லட்சத்தையும் அப்படி வாங்கிப் போட்டால் மாச வட்டி 4,000. மிச்சம் நின்ற 4,400-ல் 400 ரூபாய்தான் அவருக்கு. சொந்தப் பணமாக இருந்தால் அதே 4,400 நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் ஈட்டிக் கொடுக்கிறது, உழைப்புக்கும் அலைச்சலுக்கும் வேறு சரக்கோடு சேர்ந்து கூலி வந்துவிடுகிறது. ஒரே ஏஜென்சி ஒருவருக்கு நல்லது, இன்னொருவருக்குப் படுகுழி. வித்தியாசம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. ஆகவே ஸ்கிரிப்டில் இந்த வரியை அந்தப் பெண்ணின் வாயாலேயே பேச வைத்தோம்: "வட்டிக்கு வாங்கிப் போடற மாதிரி இருந்தா, தயவு செஞ்சு எங்க சரக்கை எடுக்காதீங்க. இது ஒண்ணை மட்டும் நம்பியும் வராதீங்க. ஏற்கெனவே லைன் போறவங்களுக்குத்தான் இது கட்டும்."

சப்போர்ட் என்ற சொல்லுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் கொடுத்த சப்போர்ட் கடைக்கு ஒரு டின் போர்டு, தொங்கவிட நாலு தோரணம், மாசக் கடைசியில் டார்கெட்டுக்காக ஏற்றிவிடும் கூடுதல் லோடு. கடைசியில் சொன்னது சப்போர்ட்டே இல்லை, எங்கள் எண்ணிக்கையை முடிக்க டீலர் பணத்தில் செய்த காரியம். இன்றைய விளம்பரங்களில் முழு சப்போர்ட் என்று வருவதற்கும் பெரும்பாலும் அளவு கிடையாது. அளவு இல்லாத சப்போர்ட்டைக் கேட்டு வாங்க முடியாது.

அந்தப் பெண்ணால் எவ்வளவு முடியும் என்று பார்த்தோம். தொடக்க மாசத்தில் 60,000 விற்றால் மார்ஜின் வரி போக சுமார் 5,400 வரும். செலவு அதே 9,000 ரூபாய்க்குப் பக்கத்தில் இருக்கும். மாசம் 3,600 கையை விட்டுப் போகும். அவர் முதல் மூன்று மாசம் பையன் சம்பளத்தின் பங்கான 5,000 ரூபாயைத் தான் கொடுப்பதாகச் சொன்னார். கொடுத்தால் டீலருக்கு 1,400 மிஞ்சும். பெரிய தொகை இல்லை, ஆனால் கையைக் கடிக்காது. நான்காம் மாசத்திலிருந்து கிடையாது என்பதையும், அதற்குள் விற்பனை ஒரு லட்சத்தைத் தொடாவிட்டால் மறுபடி இழுக்கும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டார். லைனை முதல் இரண்டு வாரம் கம்பெனி ஆளே கூட வந்து அறிமுகப்படுத்துவார். அதற்கு மேல் ஆள் இல்லை, அதையும் சொன்னோம்.

எக்ஸ்பைரி பற்றிப் பேசும்போது நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருந்தேன். எடுத்துக்கொள்வோம் என்ற ஒற்றை வார்த்தையை இன்னொரு முறை யாரும் நம்பிப் போகக் கூடாது. முடிவில் எழுதியது இது: பேக் செய்த தேதியிலிருந்து ஒன்பது மாசம் சரக்கின் ஆயுள். ஏழாவது மாசத்துக்குள் டீலர் போட்டோவோடு தகவல் சொன்னால், சரக்கு வந்து சேர்ந்த பதினைந்து நாளில் வாங்கின விலைக்கே கிரெடிட் நோட், பணமாக இல்லை, அடுத்த பில்லில் கழியும். லாரி வாடகை கம்பெனியுடையது. மாசக் கொள்முதலில் இரண்டு சதவீதம் வரைதான். தேதி தாண்டிய பிறகு சொன்னால் டீலர் பொறுப்பு. ஏஜென்சியை விடுவதாக இருந்தால், பிரிக்காத பெட்டிகள் திரும்ப வந்த முப்பது நாளில் டெபாசிட் காசோலையாக. இவற்றைக் கேமரா முன் பேசுவதோடு விடாமல், ஒப்பந்தத் தாளின் அந்தப் பக்கத்தையே படத்தில் நிறுத்திப் படிக்க நேரம் கொடுத்தோம். அந்தக் காட்சி இருபது விநாடி அசையாமல் நிற்கும். எடிட் செய்த இளைஞருக்கு அது பிடிக்கவில்லை, யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார். பணம் போடப் போகிறவர் நிறுத்தி வைத்துப் படிப்பார் என்றேன். அந்த இருபது விநாடிக்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

பருவத்தையும் சேர்த்தோம். பங்குனி, சித்திரையில் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் நிற்கும், மில் ஓடும் மாசம் அது. புரட்டாசியில் கறி மசாலா, சிக்கன் மசாலா படுத்துவிடும். மழை பிடித்ததும் எல்லாம் எழும், ஆனால் ஈரம் பட்டால் பொடி கட்டி தட்டும், தரையில் பலகை போட்டுத்தான் பெட்டி அடுக்க வேண்டும். உணவுப் பொருள் விற்பதால் டீலருக்கும் தனியாக எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவோ லைசென்ஸோ வேண்டும், கம்பெனியின் எண் போதாது. இது தெரியாமல் சரக்கு இறக்கிவிட்டு அதிகாரி வந்தபோது விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏரியாவில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கம்பெனி நேரடியாகப் பில் போடுமா என்பது டீலர்கள் கேட்கக் கூச்சப்படும் கேள்வி. போட்டால் அங்கே இவர் விலைக்கும் கீழே சரக்கு கிடைக்கும், பக்கத்து மளிகைக் கடைக்காரர் இவரிடம் வாங்க மாட்டார். அந்தப் பெண், தன் ஏரியாவில் டீலர் மூலமாக மட்டும் என்று சொல்லிவிட்டார். வளர்ந்த பிறகு அதைக் காப்பாற்றுவது அவருக்குச் சுலபமாக இருக்காது என்று எனக்குத் தெரியும், அவரிடமும் சொன்னேன்.

வீடியோ நாலரை நிமிடம் வந்தது. இசை இல்லை. அரைக்கும் மிஷின் சத்தத்தை நிறுத்திவிட்டு, கோடவுனில் மாலை ஐந்து மணி வெளிச்சத்தில் எடுத்தோம். பலகையில் எண் எழுதும்போது ஒரு இடத்தில் தப்பாக எழுதி அழித்துத் திருத்துகிறார். அதை வெட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

பழைய ஸ்கிரிப்டில் எடுத்திருந்தால் நூறு பேர் கூப்பிட்டிருப்பார்கள் என்று அவர் வீட்டில் பேச்சு இருந்தது. இதற்கு முதல் வாரத்தில் கூப்பிட்டவர்கள் ஒன்பது பேர். அதில் தாராபுரத்துக்காரர் ஒருவர், பிஸ்கட்டும் சோப்பும் ஏற்கெனவே லைன் போகிறவர், ஸ்பீக்கரில் பேசியதை நானும் கூட இருந்து கேட்டேன். டெபாசிட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மார்க்கெட்டில் தனக்குப் பன்னிரண்டு நாளில் காசு திரும்பாது, கிராமத்துக் கடைகள் இருபது நாள் இழுக்கும், அப்படியானால் இரண்டு லட்சம் இரண்டரை ஆகுமே, டவுன் லைன் இரண்டை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்தப் பெண் சரி என்றார். "இப்ப மாசிங்க. மில்லு ஓடி முடியட்டும், வைகாசில முதல் லோடு போடுங்க. மிளகாய்த்தூள் கம்மியா, சாம்பார் பொடி ஜாஸ்தியா" என்று சொல்லிவிட்டு தாராபுரத்துக்காரர் போனை வைத்தார்.